கரைதிறன் பெருக்கமும் பொது அயனி விளைவும்

கரைதிறன் பெருக்கம் என்பது, நீரில் மிகக் குறைவாகக் கரையும் ஓர் உப்பின் தெவிட்டிய கரைசலில் உள்ள அயனிச் செறிவுகளின் பெருக்குத்தொகை ஆகும். குறிப்பிட்ட வெப்பநிலையில் இதன் மதிப்பு மாறாது. அவ்வயனிகளுள் ஒன்றை வேறொரு சேர்மத்தின் வழியாகக் கூடுதலாகச் சேர்த்தால் உப்பின் கரைதிறன் குறையும். இதுவே பொது அயனி விளைவு எனப்படுகிறது. இவ்விரு கருத்துகளையும் அளவு முறையில் ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் செருமானிய வேதியியலாளர் வால்தர் நேர்ன்ஸ்ட் ஆவார். உப்புகள் ஒன்றன் கரைதிறனை மற்றொன்று எவ்வாறு பாதிக்கின்றது என்பது பற்றிய அவருடைய ஆய்வு 1889ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இக்கட்டுரை பேரியம் சல்பேட்டை வீழ்படிவாக்கும் ஆய்வகச் செய்முறை ஒன்றைக் கொண்டு இக்கருத்துகளை விளக்குகிறது.

வரையறை

பேரியம் சல்பேட்டு நீருடன் நெடுநேரம் தொடர்பில் இருக்கும்போது பின்வரும் சமநிலை ஏற்படுகிறது.

BaSO₄(s) ⇌ Ba²⁺ + SO₄²⁻

Ksp = [Ba²⁺][SO₄²⁻] = 1.1 × 10⁻¹⁰ (25 °C)

திண்மம் எவ்வளவு இருக்கிறது என்பது இச்சமன்பாட்டில் இடம்பெறுவதில்லை. அடியில் ஒரு சிட்டிகை இருந்தாலும் ஒரு கைப்பிடி இருந்தாலும் மேலுள்ள கரைசலின் செறிவு ஒன்றே. தூய நீரில் இரண்டு அயனிகளும் சம அளவில் தோன்றுவதால், கரைதிறன் s எனில் s² = 1.1 × 10⁻¹⁰ ஆகும். இதிலிருந்து s = 1.05 × 10⁻⁵ மோலார் எனக் கிடைக்கும். பேரியம் சல்பேட்டின் மோலார் நிறை 233.4 கிராம். எனவே ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2.4 மில்லிகிராம் கரையும்.

கரைசலில் c மோலார் சல்பேட்டு முன்னரே இருந்தால் சமன்பாடு s(s + c) = Ksp என மாறும். c என்பது s-ஐ விட மிகப் பெரியதாக இருப்பின் s = Ksp/c எனக் கொள்ளலாம். பெருக்குத்தொகை மாறாதிருக்க வேண்டும் என்பதால், ஓர் அயனி மிகும்போது மற்றது குறைந்தே ஆகவேண்டும். குறையும் பகுதி திண்மமாகப் படிகிறது. பொது அயனி விளைவு என்பது இதற்கு மேல் வேறொன்றுமில்லை.

செய்முறை

இச்செய்முறை கரைசலிலுள்ள பேரியத்தின் அளவை எடையறி முறையில் காண்பதற்கானது. ஒரு மில்லிமோல் பேரியம், அதாவது 0.244 கிராம் BaCl₂·2H₂O, ஒரு முகவையில் 100 மி.லி. நீரில் கரைக்கப்படுகிறது. அதனுடன் 1 மி.லி. அடர் ஐதரோகுளோரிக் அமிலம் சேர்க்கப்பட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கப்படுகிறது. பின்னர் 100 மி.லி. சூடான நீர்த்த கந்தக அமிலம் துளித்துளியாகக் கலக்கியபடியே சேர்க்கப்படுகிறது. வெண்ணிற வீழ்படிவு தோன்றிய பின், முகவை ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீர்த்தொட்டியில் சூட்டுடன் வைக்கப்படுகிறது. ஆறியபின் சாம்பல் விடாத நுண்துளை வடிதாளில் வடிகட்டி, கழுவி, மூசையில் இட்டுச் சூடாக்கி எடை காணப்படுகிறது. இழப்பு ஏதுமில்லையெனில் 233.4 மில்லிகிராம் கிடைக்க வேண்டும்.

ஆய்வகத் துல்லியத் தராசு 0.1 மில்லிகிராம் வரை காட்டும். ஆகவே கரைசலில் தங்கிவிடும் பேரியம் சல்பேட்டு 0.1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதனினும் மிகுந்தால் அது விடையில் பிழையாக வெளிப்படும். கணக்கிட வேண்டியது இது ஒன்றே.

எவ்வளவு இழக்கிறோம்?

முதலில் அமிலத்தின் விளைவை ஒதுக்கிவைத்துப் பார்க்கலாம். பேரியத்துக்குச் சரிசமமாக ஒரு மில்லிமோல் சல்பேட்டை மட்டும் சேர்த்தால், மொத்தக் கன அளவாகிய 200 மி.லி.யில் 1.05 × 10⁻⁵ மோலார் வீதம் 2.1 × 10⁻⁶ மோல் கரைந்தே நிற்கும். இது 0.49 மில்லிகிராம். மாறாக இரண்டு மில்லிமோல் சல்பேட்டைச் சேர்த்தால், வீழ்படிந்தது போக ஒரு மில்லிமோல் எஞ்சும். அதன் செறிவு 0.005 மோலார். அப்போது கரைதிறன் 1.1 × 10⁻¹⁰ / 0.005 = 2.2 × 10⁻⁸ மோலார் ஆகிவிடும். கரைசலில் தங்குவது 0.001 மில்லிகிராம் மட்டுமே. சரிசமமாகச் சேர்த்ததைவிட இழப்பு ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்காகக் குறைகிறது.

பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடும். ஆனால் முகவையில் இருப்பது தூய நீரன்று. ஐதரோகுளோரிக் அமிலமும் வினையின்போது விடுபடும் ஐதரசன் அயனிகளும் சேர்ந்து, H⁺ செறிவை ஏறத்தாழ 0.07 மோலார் அளவுக்கு உயர்த்துகின்றன. சல்பேட்டு அயனி இவற்றுடன் சேர்ந்து பைசல்பேட்டு ஆகிறது.

HSO₄⁻ ⇌ H⁺ + SO₄²⁻ (Ka ≈ 0.010)

இவ்வமிலத்தன்மையில், கரைந்துள்ள சல்பேட்டில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே SO₄²⁻ வடிவில் இருக்கும். கரைதிறன் பெருக்கம் அந்த ஒரு பங்கை மட்டுமே கணக்கில் கொள்ளும். ஆகவே சரிசமமாகச் சேர்த்த நிலையில் கரைதிறன் √8 மடங்கு, அதாவது ஏறத்தாழ 2.8 மடங்கு உயர்ந்து, இழப்பு 1.4 மில்லிகிராமைத் தொடுகிறது. 233.4 மில்லிகிராமில் இது 0.6 விழுக்காடு, நல்ல எடையறி பகுப்பாய்வில் ஏற்க முடியாத பிழை. இரண்டு மில்லிமோல் சேர்த்த நிலையிலோ தனித்த SO₄²⁻ செறிவு 0.0006 மோலார் அளவுக்குக் குறைந்தபோதிலும், இழப்பு 0.01 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. அமிலத்தால் நேரும் குறையைச் சற்றே மிகையாகச் சேர்த்த பொது அயனி ஈடுகட்டிவிடுகிறது.

இந்த மதிப்புகள் 25 °C வெப்பநிலைக்குரியவை. சூட்டில் பேரியம் சல்பேட்டு சற்றுக் கூடுதலாகக் கரையும். வடிகட்டுமுன் கரைசலை ஆறவிடுவதன் காரணம் இதுவே.

அமிலம் எதற்கு?

கரைதிறனை உயர்த்தும் அமிலத்தை ஏன் வேண்டுமென்றே சேர்க்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். முதற்காரணம், பேரியம் கார்பனேட்டு போன்ற பிற உப்புகள் அமிலக் கரைசலில் வீழ்படியமாட்டா. இரண்டாவது காரணம் படிகங்களின் பருமன். இரு கரைசல்களையும் ஒரேயடியாகக் கலந்தால், கலந்த கணத்தில் இரு அயனிகளும் 0.005 மோலார் அளவில் இருக்கும். அமிலம் இல்லையெனில் அவற்றின் பெருக்குத்தொகை 2.5 × 10⁻⁵. இது கரைதிறன் பெருக்கத்தைப் போல் இரண்டு இலட்சம் மடங்குக்கும் மேல். இவ்வளவு மீதெவிட்டிய நிலையில் எண்ணற்ற நுண்கருக்கள் ஒரே நேரத்தில் தோன்றி, வடிதாளின் துளைகள் வழியே நழுவிவிடும் அளவுக்குச் சிறிய துகள்களாக நின்றுவிடுகின்றன. அமிலம், சூடு, நீர்த்த கரைசல், துளித்துளியான சேர்க்கை ஆகிய நான்கும் இந்த மீதெவிட்டலைக் குறைப்பதற்கானவை. ஒரு மணி நேரம் சூட்டில் வைத்திருக்கும்போது சிறு துகள்கள் கரைந்து பெரிய துகள்களின் மேல் படிகின்றன.

துகள்கள் நழுவியதை வடிநீர் பால்போல் மங்கலாக இருப்பதைக் கொண்டு அறியலாம். கரைதிறன் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் இவ்விழப்பை அது காட்டாது. வடிநீர் தெளிவாக இருப்பின் அதில் மேலும் சில துளி கந்தக அமிலம் சேர்த்துப் பார்க்க வேண்டும். மங்கல் தோன்றினால் வீழ்படிவாதல் முற்றுப்பெறவில்லை என்பது பொருள்.

கழுவுதல்

பொது அயனி விளைவு மிகத் தெளிவாகப் பயன்படும் இடம் இதுவே. மாணவர்கள் எளிதில் மறந்துவிடும் இடமும் இதுவே. வீழ்படிவின்மேல் ஒட்டியுள்ள குளோரைடை நீக்க 20 மி.லி. வீதம் ஐந்துமுறை கழுவுவதாகக் கொள்வோம். தூய நீரில் கழுவினால், ஒவ்வொரு முறையும் நீர் தெவிட்டிவிடுமெனில், 100 மி.லி.யில் ஏறத்தாழ 0.25 மில்லிகிராம் கரைந்து போகும். மிகைச் சல்பேட்டினால் காப்பாற்றிய எடையைக் கழுவும்போது கைவிட்டதாகவே அது முடியும். 0.01 மோலார் கந்தக அமிலத்தால் கழுவினால் இழப்பு 0.001 மில்லிகிராமைக்கூட எட்டாது. கழுவிய நீரைத் துளி நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் சேர்த்துச் சோதித்து, மங்கல் தோன்றாதபோது கழுவுதலை நிறுத்தலாம்.

சோடியம் சல்பேட்டால் கழுவினாலும் கரைதிறன் குறையும். ஆனால் அது ஆவியாகாமல் மூசையிலேயே தங்கி எடையைக் கூட்டும். ஒட்டியிருக்கும் கந்தக அமிலம் சூட்டில் ஆவியாகி வெளியேறிவிடும். பொது அயனியைத் தேர்ந்தெடுக்கும்போது அதனுடன் வரும் மற்ற அயனி என்னவாகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

சூடாக்கும்போது வடிதாளின் கரி, வீழ்படிவின் ஒரு பகுதியைப் பேரியம் சல்பைடாக ஒடுக்கிவிடக்கூடும். இதனால் எடை குறையும். தாளைத் தீப்பற்றவிடாமல் மெல்லக் கரியாக்கி, காற்றோட்டத்தில் எரித்தால் இது நேராது. நேர்ந்துவிட்டால், ஆறியபின் ஒரு துளி கந்தக அமிலம் இட்டு மீண்டும் சூடாக்கினால் சல்பைடு சல்பேட்டாக மாறிவிடும்.

மிகையின் எல்லை

பொது அயனியை எவ்வளவுக்கு மிகையாகச் சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு நன்மை என்று கொள்ளக்கூடாது. இழப்பு 0.01 மில்லிகிராமுக்குக் குறைந்தபின் மேலும் குறைப்பதைத் தராசு உணராது. அதேவேளையில், கரைசலிலுள்ள பிற அயனிகள் வளரும் படிகத்தினுள் சிக்கி உடன்வீழ்படிந்து எடையை மாற்றிவிடலாம். சூடான அடர் கந்தக அமிலத்திலோ பேரியம் சல்பேட்டு நன்றாகவே கரையும்.

பொதுவல்லாத அயனிகளும் கரைதிறனைப் பாதிக்கின்றன. 0.01 மோலார் பொட்டாசியம் நைட்ரேட்டுக் கரைசலில் பேரியம் சல்பேட்டின் கரைதிறன் தூய நீரில் உள்ளதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. எதிர்மின்னேற்ற அயனிகள் சூழ்ந்துகொள்வதால் ஒவ்வோர் அயனியின் வினைதிறனும் அதன் செறிவை விடக் குறைந்துவிடுவதே காரணம். மாறாதிருப்பது, உண்மையில், வினைதிறன்களின் பெருக்கமே. செறிவைக் கொண்டு எழுதுவது நீர்த்த கரைசல்களுக்கான தோராயம் ஆகும். மேலே தந்த கணக்குகள் யாவும் அத்தோராயத்துக்கு உட்பட்டவை.

மருத்துவத்தில் பேரியம் சல்பேட்டு

கரைந்த பேரியம் அயனி நச்சுத்தன்மை உடையது. குருதியில் பொட்டாசியத்தின் அளவைக் குறைத்து, தசைகளையும் இதயத்துடிப்பையும் பாதிக்கும். எனினும் உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றை எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பதற்காக நோயாளிகளுக்குப் பேரியம் சல்பேட்டுக் கூழ் குடிக்கக் கொடுக்கப்படுகிறது. இரைப்பையின் அமிலம் 0.1 மோலார் அளவில் இருந்தாலும், பைசல்பேட்டுச் சமநிலையின்படி கரைதிறன் √11 மடங்கு மட்டுமே உயரும். லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் பேரியம் என்பது இதன் பொருள்.

பேரியம் கார்பனேட்டின் கரைதிறன் பெருக்கம் 2.6 × 10⁻⁹. எண்ணை மட்டும் பார்த்தால் இதுவும் கரையாத உப்பே. ஆனால் கார்பனேட்டு அயனியை அமிலம் கரியமில வளியாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. ஓர் அயனி இவ்வாறு தொடர்ந்து நீங்கும்போது பெருக்குத்தொகை Ksp மதிப்பை எட்டவே முடியாது. எனவே அமிலம் உள்ளவரை திண்மம் கரைந்துகொண்டே போகும். 2003ஆம் ஆண்டில் பிரேசிலில், பேரியம் கார்பனேட்டு கலந்திருந்த எக்ஸ் கதிர்ப் பட மருந்தைக் குடித்த நோயாளிகள் பலர் இறந்தனர். இரண்டும் வெண்ணிறத் தூள்களே. கண்ணால் வேறுபாடு காண இயலாது. நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டால் கார்பனேட்டு நுரைத்துப் பொங்கும், சல்பேட்டு அசையாது.

பேரியம் நஞ்சு உட்கொண்டவருக்குச் சோடியம் சல்பேட்டோ மக்னீசியம் சல்பேட்டோ வாய்வழியாகக் கொடுக்கப்படுவதுண்டு. குடலில் இன்னும் உறிஞ்சப்படாத பேரியத்தைச் சல்பேட்டாக வீழ்படியச் செய்வதே இதன் நோக்கம். உறிஞ்சப்பட்டுக் குருதியில் சேர்ந்துவிட்ட பேரியத்தை இது நீக்காது. அதற்குப் பொட்டாசியம் ஏற்றுதல் போன்ற தனி மருத்துவம் தேவைப்படும்.