கிலோவுக்கு 50 ரூபா லாபம் எங்கே போகிறது? பழைய போத்தல் வியாபாரத்தின் உண்மைக் கணக்கு

சில மாதங்களுக்கு முன்னர் எமது ஊர் இளைஞர் ஒருவர் ஒரு கொப்பியோடு என்னைத் தேடி வந்தார். வெறும் பிளாஸ்டிக் போத்தல்களை ஊரில் கிலோ 60 ரூபாவுக்கு வாங்கி, கொழும்புப் பக்கத் தொழிற்சாலைக்கு 110 ரூபாவுக்குக் கொடுப்பது அவருடைய திட்டம். "கிலோவுக்கு 50 ரூபா நிக்கிது காக்கா. ஒரு லோட்டுக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கிட்ட வரும்" என்றார். பழைய சாமான் கடையொன்றில் சில வருடங்கள் கணக்கெழுதியவன் என்பதால், அவருடைய கொப்பியில் இல்லாத வரிகளை நான் எழுதிக் காட்டினேன். இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் பலர் அதே கொப்பியைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால் அதை இங்கும் எழுதுகிறேன். விலைகள் தினமும் மாறுபவை. கீழுள்ளவை கணக்கைக் காட்டுவதற்கான உதாரண விலைகள். உங்கள் ஊர் விலையை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

முதலில் லொறி. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். பதினாலரை அடி லொறி ஒன்றுக்கு 60,000 ரூபா வாடகை என்று வைப்போம். போத்தல்களை மிதித்து நசுக்கிச் சாக்குகளில் கட்டி ஏற்றினால், லொறி கூரை வரை நிறையும். ஆனால் நிறை 500 கிலோவைத் தாண்டுவதே கஷ்டம். ஒன்றரை லீற்றர் போத்தல் ஏறக்குறைய முப்பது சேர்ந்தால்தான் ஒரு கிலோ. அதாவது லொறியில் போவது பெரும்பாலும் காற்று. வாடகையைப் பிரித்தால் கிலோவுக்கு 120 ரூபா. விற்கும் விலையே 110. அதே போத்தலை அழுத்தும் இயந்திரத்தில் போட்டுப் பொதிகளாகக் கட்டினால் இரண்டரைத் தொன் ஏற்றலாம். அப்போது கிலோவுக்கு 24 ரூபா. ஆகவே அழுத்தும் இயந்திரம் இல்லாமல் தூரத் தொழிற்சாலைக்கு நேரடியாகக் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

சரி, இயந்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரங்களில் 2,800 கிலோ வாங்குகிறோம். 60 ரூபா வீதம் 168,000 ரூபா. தரம் பிரிக்கும்போது மூடிகள் 180 கிலோ தனியாகப் போகும். உள்ளே மிஞ்சிய தண்ணீர், மண், லேபல், தவறாக வந்த வேறு பிளாஸ்டிக் எல்லாம் 120 கிலோ. மீதி 2,500 கிலோவைக் கட்டி அனுப்புகிறோம். தொழிற்சாலைத் தராசில் 2,480 என்று வருகிறது. ஈரத்துக்கும் கலப்புக்கும் என்று நூற்றுக்கு 5 கழிக்கிறார்கள். காசு கிடைப்பது 2,356 கிலோவுக்கு, அதாவது 259,160 ரூபா. மூடியைக் கிலோ 70 ரூபாவுக்கு விற்றால் 12,600. இதிலிருந்து வாங்கிய காசு 168,000, லொறி 60,000, மூடி கழற்றித் தரம் பிரித்த கூலி 34,000. கூலி அதிகமாகத் தெரியலாம். ஒருவர் நாளொன்றுக்கு 150 கிலோ வீதம் செய்தால் 17 ஆள்நாட்கள் வேண்டும். நாட்கூலி 2,000 என்று போட்டேன்.

மிச்சம் 9,760 ரூபா. கரண்டும் கடை வாடகையும் கட்டும் கம்பியும் இன்னும் கழிக்கவில்லை. இளைஞரின் கொப்பியில் இருந்தது 140,000.

இதே 2,800 கிலோவை மூடியோடு, மண்ணையும் வேற்றுச் சாமானையும் மட்டும் நீக்கி, பக்கத்து ஊரில் அழுத்தும் இயந்திரம் வைத்திருக்கும் பெரிய வியாபாரிக்கு 80 ரூபாவுக்குக் கொடுத்தால் என்ன? 2,680 கிலோவுக்கு 214,400 ரூபா. வாங்கிய காசும், பத்தாயிரம் ரூபா கூலியும் போனால் 36,400 மிஞ்சும். தொழிற்சாலை விலையை விட 30 ரூபா குறைவாக விற்றும் கையில் மூன்று மடங்குக்கு மேல் நிற்கிறது. "இடைத்தரகர் தின்கிறார்" என்று நாம் சொல்லும் அந்த 30 ரூபாவில் அவருடைய இயந்திரமும் லொறியும் கழிவும் இருக்கின்றன. ஆகவே முதல் ஆறு மாதம் அவருக்கே கொடுங்கள் என்பதுதான் நான் சொன்ன முதல் ஆலோசனை. இளைஞருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நேரடி விற்பனையில் லாபம் இல்லாமலில்லை. அதற்கு மூன்று இடங்களைச் சரி செய்ய வேண்டும். ஒன்று லொறி. கொழும்பிலிருந்து கிழக்குக்குச் சாமான் கொண்டுவரும் லொறிகள் பல வெறுமையாகத் திரும்புகின்றன. அவற்றைப் பேசினால் பாதி வாடகைக்கே கிடைக்கலாம். ஆனால் அவை உங்கள் நேரத்துக்கு வராது. பொதிகள் எப்போதும் கட்டித் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, வாங்கும் விலை. எல்லாப் போத்தலுக்கும் ஒரே விலை கொடுப்பதுதான் பெரிய தவறு. மூடி கழற்றி, உள்ளே துளி தண்ணீர் இல்லாமல், நசுக்கிக் கொண்டுவந்தால் 65. அப்படியே கொட்டினால் 50 என்று இரண்டு விலை எழுதித் தொங்கவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் சேகரிப்பவர்களில் பாதிப் பேராவது வீட்டிலேயே மூடி கழற்றத் தொடங்குவார்கள். பாதிச் சரக்கு அப்படி வந்தால் வாங்கும் செலவு 161,000 ஆகும். கூலியும் ஏறக்குறைய பாதியாகும். காட்போட்டுக்கும் இதே முறைதான். அங்கே ஈரம்தான் எதிரி. மாரியில் 100 கிலோவாக நிறுத்து வாங்கிய கட்டு உலர்ந்த பிறகு 85 கிலோ நிற்கும். வெளிப்பக்கம் உலர்ந்து நடுவில் நனைந்திருக்கும் கட்டுகளும் வரும். கட்டை அவிழ்த்து நடு அட்டையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் ஈரம். அதைத் திருப்பி அனுப்பாமல் "நனைந்த விலை" என்று ஒன்றை முன்கூட்டியே வைத்திருந்தால் சண்டை வராது.

நிறை விடயத்தில் சேகரிப்பவர்களும் எம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். அதற்கு மேல், 20 லீற்றர் தண்ணீர் கான் ஒன்றைத் தராசுக்குப் பக்கத்தில் வையுங்கள். தண்ணீர் சரியாக 20 கிலோ. வெறும் கானின் நிறையை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். சந்தேகப்படுபவர் தானே தூக்கி வைத்துப் பார்க்கலாம். நிறுவையில் மோசடி செய்வோரைப் பற்றி ஒரு ஸூராவே இருக்கும் எமது சமூகத்தில் இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. வியாபாரமாகப் பார்த்தாலும், இரண்டு கிலோ கள்ளத் தராசுக்காகப் போன சேகரிப்பாளர் மணல் போட்ட டின்னோடு திரும்பி வருவார்.

மூன்றாவது இடம் தொழிற்சாலையின் கழிவு. 5 வீதத்தை 2 வீதமாக்க முடியும். அது தரம் பிரிக்கும் மேசையில் தொடங்குகிறது. குடிநீர், குளிர்பானப் போத்தல்களின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற இலக்கம் இருக்கும். நிறமற்றது, பச்சை, எண்ணெய் படிந்தது என மூன்றையும் தனித்தனியாக வைக்க வேண்டும். நிறமற்றதற்குத்தான் நல்ல விலை. மிகவும் கவனிக்க வேண்டியது பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் பீ.வீ.சீ. போத்தல். பெட் பிளாஸ்டிக் உருகுவது சுமார் 250 பாகை செல்சியஸில். அந்தச் சூட்டில் பீ.வீ.சீ. கருகி அமிலத்தைக் கக்கும்; உருகிய முழுச் சரக்கும் மஞ்சளாகும். சில போத்தல்களுக்காக ஒரு பொதியையே ஒதுக்குவது அதனால்தான். அடியைப் பாருங்கள்: பெட் போத்தலின் நடுவில் சிறு பொட்டு இருக்கும், பீ.வீ.சீ. போத்தலில் குறுக்கே ஒரு ஒட்டுக் கோடு ஓடும். மடித்தால் மடிப்பு வெள்ளையாகும். தண்ணீரில் போட்டுப் பார்ப்பது இங்கே உதவாது, இரண்டுமே தாழும். மூடித் துண்டுகளைப் பிரிக்க மட்டும் தண்ணீர் நல்லது, அவை மிதக்கும்.

களஞ்சியம் பற்றி இரண்டே விடயங்கள். கூரை இல்லாத வளவில் போத்தல் குவித்தால் முதலில் வருபவர் வாடிக்கையாளர் அல்ல, பொதுச் சுகாதாரப் பரிசோதகர். 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியும். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த போத்தல் மஞ்சளித்து நொறுங்கும் என்பதாலும் கூரை வேண்டும். காட்போட்டைத் தரையில் வைக்காமல் மரத்தட்டில் அடுக்குங்கள். போத்தலுக்கும் அதற்கும் இடையில் ஒருவர் நடந்து போகும் அளவு வழி விடுங்கள், தீப்பிடித்தால் அந்த வழிதான் மிச்சமாகும். பிரதேச சபையின் வியாபார அனுமதியையும் மத்திய சுற்றாடல் அதிகார சபை கேட்பவற்றையும் வளவு எடுக்கும் முன்னரே விசாரித்துவிடுங்கள். பழைய பெற்றரியும் ஊர் பேர் தெரியாதவர் கொண்டுவரும் செம்புக் கம்பியும் முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம். முன்னது ஈயமும் அமிலமும், பின்னது பொலிஸ்.

இனி ஒப்பந்தம். பலர் தொலைபேசியில் விலை கேட்டுவிட்டு அதையே ஒப்பந்தம் என்று நினைக்கிறார்கள். விலையை விட முக்கியமானது, யாருடைய தராசு இறுதியானது என்ற வரி. புறப்படும் முன் ஊரிலுள்ள லொறித் தராசில் வெறும் லொறியையும் ஏற்றிய லொறியையும் நிறுத்து இரண்டு துண்டுகளையும் வைத்துக்கொள்ளுங்கள். இரு தராசுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால் உங்கள் ஆளின் முன்னிலையில் மீண்டும் நிறுக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். கழிவு "வழமைப்படி" என்று இருக்கக் கூடாது. எத்தனை பொதியைத் திறந்து பார்த்து, எதை எதைக் கழிவாக எண்ணுவார்கள் என்று இருக்க வேண்டும். பொதியை நிராகரித்தால் திருப்பி ஏற்றும் கூலி யாருடையது? பேசிய விலை எத்தனை நாளுக்குச் செல்லும்? மசகு எண்ணெய் விலையும் டொலரும் இறங்கினால் பழைய பிளாஸ்டிக்கின் விலையும் இறங்கும்; லொறி வழியில் இருக்கும்போதே இறங்கிய சந்தர்ப்பங்கள் உண்டு. அதனால்தான் விலை ஏறும் என்று மூன்று லோட் சேர்த்து வைப்பதை நான் ஆதரிப்பதில்லை.

மூன்றையும் சரி செய்தால் அதே லோட்டில் சுமார் 72,000 ரூபா மிஞ்சும். 2,480 கிலோவில் 2 வீதம் மட்டும் கழிந்து 267,344, மூடிக்கு 12,600. செலவு வாங்கியது 161,000, லொறி 30,000, கூலி 17,000. ஆறு வாரத்துக்கு இது பெரிய காசல்ல. காட்போட்டும் இரும்பும் சேர்ந்தே கடை வாடகையைச் சுமக்க வேண்டும். கொடுப்பனவு 30 நாள் கழித்து என்றால், முதல் லோட்டின் காசு வருமுன் அடுத்த லோட்டுக்கு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். கையில் மூன்றரை லட்சமாவது சுழல வேண்டும்.

இந்த இடத்தில்தான் வாங்குபவர் முற்பணம் தருவதாகச் சொல்வார். "இரண்டு லட்சம் எடுங்கள், சரக்கை எங்களுக்கே தாருங்கள், கிலோவுக்கு 8 ரூபா குறைத்துப் போடுவோம்." மாதம் 1,600 கிலோ கொடுத்தால் அது 12,800 ரூபா, இரண்டு லட்சத்துக்கு மாதம் 6 வீதத்துக்கு மேல். வங்கி கேட்டால் ஓடியிருப்போம். கடன் கொடுத்து அதற்காக விலையில் சலுகை பெறுவது மார்க்கத்தில் எங்கே போய் நிற்கும் என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் இந்தக் கணக்கையே காட்டிக் கேளுங்கள். இளைஞர் அந்த முற்பணத்துக்கு ஏற்கெனவே தலையாட்டிவிட்டு வந்திருந்தார். கையொப்பம் மட்டும் வைக்கவில்லை. இப்போது பக்கத்து ஊர் வியாபாரிக்கு 80 ரூபாவுக்குக் கொடுக்கிறார். கடை வாசலில் 65, 50 என்று இரண்டு விலை எழுதிய பலகை தொங்குகிறது.