பால் காய்ச்சும் நாளில் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு பிரார்த்தனை

வாடகை வீட்டுக்குப் பலரும் கணபதி ஹோமம் வரை போவதில்லை. விளக்கேற்றி, உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம் வைத்து, பால் பொங்கவிட்டால் போதும். சென்னையின் அடுக்குமாடிகளில் சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. எதிர்வீட்டில் முஸ்லிம் குடும்பம், மேல்மாடியில் கிறிஸ்தவர்கள். அவர்களை அழைக்க வேண்டும். ஆனால் பூஜைக்கு அழைத்தால் கைகூப்புவதா, குங்குமம் வைத்துக்கொள்வதா, பிரசாதம் வாங்குவதா என்று அவர்கள் தயங்கி நிற்பார்கள்.

இரண்டையும் பிரித்துவிடுவதே நல்ல வழி. பாலை விடியற்காலையில் வீட்டார் மட்டும் காய்ச்சிக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தாரை ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அழைக்கலாம். காலை ஆராதனைக்குப் போனவர்கள் வந்திருப்பார்கள், மக்ரிப் தொழுகை முடிந்திருக்கும், ரமலானாக இருந்தால் நோன்பும் திறந்திருப்பார்கள். நாலரை முதல் ஆறு வரையிலான ராகுகாலமும் கழிந்திருக்கும்.

பிரார்த்தனை ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கீதை, பைபிள், குர்ஆன் மூன்றிலிருந்தும் ஆளுக்கொன்று படிக்கச் சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. விருந்தாளியை அவருடைய மதத்தின் பிரதிநிதியாக எழுப்பி நிறுத்துவது அது. வீட்டுக்காரரே எழுந்து, கடவுள் எப்படிப்பட்டவர் என்று எதுவும் சொல்லாமல், வேண்டுதலை மட்டும் சொல்லலாம். இப்படி:

“இறைவா, இந்த வீட்டைக் கட்டியவர்களும், எங்களை நம்பிக் கொடுத்தவர்களும் நலமாக இருக்கட்டும். இதற்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள் போன இடத்தில் நிம்மதியாக இருக்கட்டும். இந்த அடுப்பில் தினமும் சோறு வேகட்டும். எங்கள் சத்தம் அடுத்த வீட்டின் தூக்கத்தைக் கெடுக்காதிருக்கட்டும். நள்ளிரவில் யார் கதவைத் தட்டினாலும் திறக்கிற மனதை எங்களுக்குக் கொடு.”

பிறகு சில நொடி மௌனம். அதில் அவரவர் தம் வேண்டுதலைச் செய்துகொள்வார்கள். ஒருவர் ஆமென் என்பார், ஒருவர் ஆமீன் என்பார், பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வார். யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை.

விளக்கு தன் இடத்தில் எரியட்டும், ஆனால் வந்தவர் கையில் திரியைக் கொடுக்க வேண்டாம். குங்குமச் சிமிழை ஓரமாக வையுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

அதிகம் சறுக்குவது சாப்பாட்டில்தான். சாமிக்குப் படைத்ததை முஸ்லிம்கள் பொதுவாகச் சாப்பிடுவதில்லை, கிறிஸ்தவர்களிலும் பலர் தவிர்ப்பார்கள். மரியாதைக்காக வாங்கி, மேசையில் அப்படியே வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். ஆகவே காலையில் படைத்த பொங்கலைச் சூடுபண்ணிக் கொடுக்காமல், மாலைக்கென்று பாயசமும் சுண்டலும் தனியாகச் செய்யுங்கள். “இது படைக்காதது, தாராளமாகச் சாப்பிடலாம்” என்று பரிமாறும்போதே சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கேட்கச் சங்கடப்படுவார்கள்.