தள்ளுபடிக்கு மட்டும் வருகிறவர் யார்?

அமெரிக்காவின் பழைய துணிக்கடைச் சங்கிலிகளில் ஒன்று ஜே.சி.பென்னி. ஆப்பிள் கடைகளை வளர்த்தெடுத்த ரான் ஜான்சன் அதன் தலைமைப் பொறுப்பேற்று, 2012 தொடக்கத்தில் கூப்பன்களையும் ஓயாத தள்ளுபடி விற்பனைகளையும் நிறுத்தினார். தினமும் ஒரே நியாய விலை என்பது அவர் திட்டம். அந்த ஆண்டு விற்பனை ஏறத்தாழ கால் பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியும் போனது.

கூப்பன் வந்தால்தான் கடைக்கு வருவோம் என்று காத்திருப்பவர்கள் எவ்வளவு பேர் என்பதைத் தள்ளுபடியை நிறுத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றில்லை. கடையின் ஆர்டர் பதிவேட்டிலேயே அதற்கு விடை இருக்கிறது, ஆன்லைனில் சேலை விற்கும் சிறு கடையாக இருந்தாலும்.

பலரும் முதலில் தேதியைப் பார்க்கிறார்கள். ஆடியிலும் தீபாவளிக்கு முன்பும் மட்டும் ஆர்டர் போடுகிறவர் தள்ளுபடிக்காரர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது சரியில்லை. தீபாவளிக்கு வீட்டிலுள்ள எல்லோருக்கும் துணி எடுப்பவர், அந்த வாரத்தில் வருவது பண்டிகைக்காக; தள்ளுபடி இல்லாத சேலையையும் அவர் கூடையில் போட்டிருப்பார். எனவே பார்க்க வேண்டியது ஆர்டர் தேதியை அல்ல, ஒவ்வொரு பொருளுக்கும் அவர் உண்மையில் கொடுத்த விலை வழக்கமான விலையைவிட எவ்வளவு குறைவு என்பதை.

அடுத்த சறுக்கல், அவசரம். ஒரு கடையின் ஆர்டர்களில் 60 சதவீதம் தள்ளுபடி விலையில்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே தள்ளுபடியைப் பொருட்படுத்தாமல் வாங்குகிற ஒருவருக்குக்கூட மூன்று ஆர்டர்களும் தற்செயலாகத் தள்ளுபடியிலேயே அமைய ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆறு ஆர்டர்களும் அப்படியே அமைய வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் குறைவு. ஒன்றிரண்டு ஆர்டரை வைத்து யாரையும் முத்திரை குத்தக் கூடாது. ஐந்தாறு ஆர்டர்களாவது சேர வேண்டும்.

இவ்வளவும் பழக்கத்தைத்தான் சொல்லும். அந்தப் பழக்கம் கடைக்கு நஷ்டமா என்பதை லாபக் கணக்குதான் சொல்லும்.

ஜி.எஸ்.டி.யை ஒதுக்கிவிட்டு ஒரு கணக்குப் போடுவோம். சேலையின் விலை 2,000 ரூபாய், அடக்க விலை 1,100. கூரியர், பெட்டி, பணப் பரிமாற்றக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு பார்சலுக்கு 160. முழு விலைக்கு விற்றால் கையில் நிற்பது 740 ரூபாய். 30 சதவீதம் தள்ளினால் விலை 1,400. நிற்பது வெறும் 140. விலை முப்பது சதவீதம்தான் குறைந்தது, லாபமோ எண்பது சதவீதத்துக்கு மேல் கரைந்துவிட்டது. இதைச் சேலை விற்பவர்களில் பலர் எழுதிப் பார்ப்பதே இல்லை என்பதுதான் வருத்தம்.

இப்போது மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் ஆறு முறை, எல்லாம் 30 சதவீதத் தள்ளுபடியில், ஒவ்வொரு சேலையாக வாங்குகிறார்; ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார். போக வர கூரியர் செலவு 240 ரூபாய் என்றால், ஐந்து சேலை லாபமான 700-இல் மிஞ்சுவது 460. இரண்டாமவர் இரண்டே சேலை, முழு விலையில்: 1,480 ரூபாய் லாபம். விற்பனைத் தொகையை மட்டும் பார்க்கும் கடைக்காரர் 7,000 ரூபாய்க்கு வாங்கிய முதலாமவருக்குத்தான் 'சிறந்த வாடிக்கையாளர்' கூப்பன் அனுப்புவார்.

மூன்றாமவரும் தள்ளுபடியில்தான் வாங்குகிறார். ஆனால் 20 சதவீதத் தள்ளுபடியில் ஒரே பார்சலில் மூன்று சேலை எடுக்கிறார். ஒரு சேலைக்கு 500 வீதம் 1,500. பார்சல் கனம் கூடி 200 ரூபாய் செலவானாலும் ஒரே ஆர்டரில் 1,300 ரூபாய் நிற்கிறது. இவரை இழக்க எந்தக் கடைக்கும் மனம் வராது. அலமாரியில் தேங்கிய பழைய சரக்கை எடுத்துச் செல்பவரும் அப்படித்தான். அவர் வாங்காவிட்டால் அந்தச் சேலை இன்னும் மலிவாகத்தான் போயிருக்கும்.

பதிவேடு சொல்லாத ஒன்று உண்டு. தள்ளுபடி இல்லாவிட்டால் அவர் வாங்கியிருப்பாரா? கேட்டுப் பயனில்லை, எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். சந்தேகப்படும் வாடிக்கையாளர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் அடுத்த கூப்பனை அனுப்பாமல் நான்கைந்து மாதம் பொறுத்துப் பார்க்கலாம். இரு பாதியிலும் தலைக்கு நின்ற லாபத்தை ஒப்பிட வேண்டும். கூப்பன் பெறாதவர்கள் குறைவாக வாங்கியும் லாபம் அதிகம் தந்தால், அவர்களில் சிலர் முழு விலைக்கும் வாங்கக்கூடியவர்கள். கடைதான் அவர்களைக் காத்திருக்கப் பழக்கியிருக்கிறது. வாங்குவதே நின்றுவிட்டால், அவர்கள் உண்மையிலேயே தள்ளுபடிக்கு மட்டும் வருகிறவர்கள். அவர்களுக்கு 30 சதவீதத்துக்குப் பதிலாக, இரண்டு சேலைக்கு மேல் எடுத்தால் கூரியர் இலவசம் என்று சொல்லிப் பார்க்கலாம். பார்சல் செலவு பங்கிடப்படுவதால் அது கடைக்குக் கட்டுப்படியாகும்.