பாலாடைக்கட்டியின் அடக்கவிலையும் ஆலைக் கழிவும்

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனை அடுத்த இஷொய் நகரக் கடைகளில் விற்பனையாகும் பாலாடைக்கட்டி ஒரு கிலோவைத் தயாரிக்க, ஏறத்தாழ 10 கிலோ பால் தேவைப்படுகிறது. பால் திரிந்தபின் வடியும் தெளிநீர் முன்னர் பன்றித் தீவனமானது; இன்று அதிலிருந்து புரதத்தூளும் தயாரிக்கப்படுகிறது.

ஓர் உதாரணம்: 1,000 கிலோ பாலுக்கும் தயாரிப்புக்கும் 4,000 குரோனர் செலவாகி, 100 கிலோ கட்டி கிடைப்பதாகக் கொள்வோம். உபபொருளான தெளிநீர் 200 குரோனர் ஈட்டினால், அத்தொகை செலவிலிருந்து கழிக்கப்படும், மீதி 3,800. பதப்படும்போது ஈரம் உலர்ந்து 5 கிலோ குறைவது இயல்பான இழப்பு. எனவே 3,800 குரோனரை 95 கிலோவே சுமக்கிறது. கிலோவின் அடக்கவிலை 40 குரோனர்.

ஆனால், குளிரூட்டி பழுதாகி மேலும் 5 கிலோ கெட்டால்? கையிருப்பு 90 கிலோவாகும், அடக்கவிலை மாறாது. கெட்டதைக் கழிவாக விற்று 20 குரோனர் கிடைத்தால், எஞ்சிய 180 குரோனர் அவ்வாண்டின் நட்டமாகப் பதிவாகவேண்டும் என்பது சர்வதேசக் கணக்கியல் தரநிலை 2-இன் விதி.

அதனையும் நல்ல கட்டியின் மீதே சுமத்தினால், அடக்கவிலை 42 குரோனராகிக் கையிருப்பின் மதிப்பு உயர்ந்து தெரியும். விற்காத சரக்குக்குள் நட்டமும், அதனுடன் குளிரூட்டியின் பழுதும் மறைந்துவிடும்.