வேகம் கூட்டினால் பின்தங்கும் பாதை

1965 ஜூன் 3. ஜெமினி 4 விண்கலம் பூமியைச் சுற்றத் தொடங்கியதுமே அதன் தலைவர் ஜேம்ஸ் மெக்டிவிட்டுக்கு ஒரு வேலை காத்திருந்தது. கலத்தைச் சுமந்து வந்து கழன்றுவிட்ட டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. அதை நெருங்கி, கூடவே பறக்க வேண்டும். மெக்டிவிட் போர் விமானம் ஓட்டியவர். இலக்கைப் பார்த்துக் கலத்தைத் திருப்பி, உந்துவிசையைக் கொடுத்தார். இலக்கு விலகியது. மறுபடியும் கொடுத்தார், இன்னும் விலகியது. ஏறக்குறையப் பாதி எரிபொருள் தீர்ந்த நிலையில் முயற்சி கைவிடப்பட்டது.

அந்தக் கலத்தில் பழுது எதுவும் இல்லை. முன்னால் போகும் பேருந்தைப் பிடிக்க வண்டியின் வேகத்தைக் கூட்டுவது சாலையில் சரியான வழி. விண்வெளியில் அதே வழி நேர்மாறான பலனைத் தருகிறது.

செயற்கைக்கோள் விழாமல் நிற்கும் பொருள் அல்ல. ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும் பொருள். 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பாருங்கள். அங்கே பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. அதனால் நிலையம் ஒவ்வொரு விநாடியும் சுமார் 4.3 மீட்டர் பூமியை நோக்கி விழுகிறது. ஆனால் அதே விநாடியில் பக்கவாட்டில் 7.67 கி.மீ. ஓடிவிடுகிறது. அந்தத் தூரத்துக்குள் அதன் வட்டப்பாதையும் அதே 4.3 மீட்டர்தான் வளைகிறது. விழும் அளவும் வளையும் அளவும் ஒன்றாகிவிடுவதால் உயரம் மாறுவதில்லை.

உயரே போகப் போக ஈர்ப்பு தளர்கிறது. 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் ஒரு விநாடியில் விழுவது வெறும் 11 சென்டிமீட்டர். அவ்வளவு மெதுவாக விழும் பொருள் வேகமாக ஓடினால் வட்டத்தை விட்டு வெளியே போய்விடும். அதனால் அங்கே அதற்குப் பொருத்தமான வேகம் விநாடிக்கு 3.07 கி.மீ. மட்டுமே.

சுற்றி வரும் நேரம் இன்னும் கூர்மையாக மாறுகிறது. இங்கே கணக்குக்கு எடுக்க வேண்டியது தரையிலிருந்து உள்ள உயரம் அல்ல, பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரம். விண்வெளி நிலையத்துக்கு அது சுமார் 6,780 கி.மீ.; தொலைத்தொடர்புக் கோளுக்கு 42,164 கி.மீ., அதாவது 6.2 மடங்கு. பாதையின் நீளமும் 6.2 மடங்கு. வேகமோ இரண்டரை மடங்கு குறைவு. இரண்டையும் பெருக்கினால் பதினைந்தரை. நிலையத்தின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 92.6 நிமிடம், அதைப் பதினைந்தரையால் பெருக்கினால் 23 மணி 56 நிமிடம். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் நேரமும் அதுதான். அந்தக் கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றுவதற்கும், வீட்டு மாடியில் உள்ள டிஷ் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டாததற்கும் காரணம் இந்தப் பொருத்தம்தான். தூரத்தின் மும்மடியும் காலத்தின் வர்க்கமும் சேர்ந்து வளரும் என்று கெப்ளர் 1619-இல் கோள்களுக்குச் சொன்ன விதியே இங்கும் வேலை செய்கிறது.

இப்போது மெக்டிவிட்டின் சிக்கல் பிடிபடும். முன்னால் இருக்கும் பொருளை நோக்கி உந்தினால் கலம் மேலே ஏறுகிறது. ஏறும்போது கூட்டிய வேகத்தையும் தாண்டி இழக்கிறது, பாதையும் நீள்கிறது, முடிவில் பின்தங்குகிறது. பின்னால் இருப்பதை நோக்கி உந்தினால் கீழே இறங்கி முந்திக்கொண்டு ஓடுகிறது. எந்தப் பக்கம் உந்தினாலும் இடைவெளி வளர்கிறது.

அதே ஆண்டு டிசம்பர் 15-இல் ஜெமினி 6 இதைச் சரியாகச் செய்தது. ஜெமினி 7 சுமார் 300 கி.மீ. உயரத்தில் காத்திருக்க, வால்ட்டர் ஷிராவின் கலம் வேண்டுமென்றே தாழ்ந்த பாதையில் ஏவப்பட்டது. தொடக்கத்தில் அது ஏறக்குறைய 2,000 கி.மீ. பின்னால் இருந்தது. இந்த உயரங்களில் ஒரு கிலோமீட்டர் தாழ்ந்தால் சுற்றுக்கு ஒன்றே கால் விநாடி மிச்சமாகும். அது 9 கி.மீ.க்கு மேல் நெருங்குவதற்குச் சமம். ஷிரா தாழ்வாக ஓடி இடைவெளியைக் குறைத்து, படிப்படியாக மேலே ஏறி, ஆறு மணி நேரத்துக்குள் ஜெமினி 7-இன் பக்கத்தில் போய் நின்றார். பிறகு இரு கலங்களும் ஓரடி தூரம் வரை நெருங்கிப் பறந்தன.

இதே விதி காற்றின் உரசலையும் விசித்திரமாக்குகிறது. தாழ்ந்த பாதைகளிலும் மெல்லிய காற்று உண்டு. அது செயற்கைக்கோளைப் பின்னுக்கு இழுக்கிறது, கோள் தாழ்கிறது, தாழ்ந்ததால் முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது. 1957 அக்டோபரில் ஏவப்பட்ட ஸ்புட்னிக் 1 முதலில் 96 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றியது. நாளாக ஆக அந்த நேரம் சுருங்கியது. 1958 ஜனவரி 4-இல் அது காற்றில் எரிந்துபோனது. இப்படிச் சுற்றுக்காலம் சுருங்கும் வேகத்தை வைத்தே, அந்த உயரத்தில் காற்று எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதை விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். எதிர்பார்த்ததைவிட அது அதிகமாகவே இருந்தது.