போட்டோவும் வயதும் கேட்டால் என்ன பதில் எழுதலாம்?

கோவையில் ஒரு நூற்பாலை அலுவலகத்துக்குக் கணக்காளர் தேவை என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பித்த பெண்ணுக்கு 36 வயது. குழந்தை பிறந்த பிறகு சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் வேலை தேடுகிறார். இரண்டாம் நாள் ஹெச்.ஆரிடமிருந்து மெயில் வருகிறது: ‘பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வயது, திருமணம் ஆனவரா என்ற விவரம் அனுப்பவும்.’

கணக்கு எழுதுவதற்கு இந்த மூன்றும் எதற்கு? பல அலுவலகங்களில் இதற்குப் பெரிய காரணம் எதுவும் இருப்பதில்லை. பழைய பயோடேட்டா படிவத்தில் இருந்த கட்டங்கள் அப்படியே தொடர்கின்றன. ஆனால் சில இடங்களில் ஆளைக் கழித்துக்கட்டவே இவை பயன்படுகின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஆளெடுப்பில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டுவதை அப்போது தடுத்துவந்த 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தை அமைச்சகம் சுட்டிக்காட்டியது.

ஆனால் தனியார் நிறுவனம் வயதையோ போட்டோவையோ கேட்கவே கூடாது என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் கிடையாது. அதனால் பதிலை ‘நீங்கள் இப்படிக் கேட்பது தவறு’ என்று தொடங்குவதில் பயனில்லை. மெயில் அனுப்பியவர் பெரும்பாலும் மேலிருந்து வந்த படிவத்தை நிரப்புகிற இளநிலை ஊழியர்தான்.

அவரிடம் மறுப்பதை விட, ‘பிறகு தருகிறேன்’ என்பது எளிது. அதற்கு உண்மையான அடிப்படையும் இருக்கிறது. வேலையில் சேரும்போது நிரப்பும் பி.எஃப். படிவம் 11இல் பிறந்த தேதி, திருமண நிலை இரண்டுக்கும் இடம் உண்டு. இன்சூரன்ஸில் வாழ்க்கைத் துணையையும் குழந்தைகளையும் சேர்க்கவும் அந்த விவரங்கள் வேண்டும். அடையாள அட்டைக்குப் போட்டோ வேண்டும். இவை எல்லாமே ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு வருகிற தேவைகள்.

கோவைப் பெண் இப்படி எழுதலாம்:

“வணக்கம். என் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கு நன்றி. டேலி, ஜி.எஸ்.டி. தாக்கல் ஆகியவற்றில் எனக்குள்ள அனுபவத்தின் விவரம் இணைப்பில் உள்ளது. நீங்கள் குறிப்பிட்ட வேலை நேரமும், மாதக் கடைசியில் கூடுதல் நேரம் இருப்பதும் எனக்குச் சம்மதம். பிறந்த தேதி, திருமண விவரம், போட்டோ ஆகியவற்றைப் பணி ஆணை கிடைத்ததும் பி.எஃப். படிவங்களுடன் தருகிறேன். இப்போதே அவை தேவை என்றால், எதற்காக என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.”

இதில் முக்கியமானது வேலை நேரம் பற்றிய வரி. திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்பவரின் மனதில் இருக்கும் கவலை, இவர் நேரத்துக்கு வருவாரா, தொடர்ந்து இருப்பாரா என்பதுதான். அந்தக் கவலைக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிட்டால் திருமண விவரத்துக்கு அவசரம் இருக்காது. போனில் கேட்டாலும் இதே வழிதான்: “ஷிஃப்ட் பத்திக் கேக்கறீங்களா சார்? காலை ஒன்பதுக்கு வர்றதுல எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.” குரலில் கோபம் இல்லாமல், சற்று நிறுத்தி, வேலை பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பேச்சை நகர்த்தலாம்.

ஆன்லைன் படிவத்தில் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டமாக இருந்தால், ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் உண்மையை நிரப்பலாம், அல்லது ஹெச்.ஆருக்குத் தனியாக எழுதிக் கேட்கலாம். பொய் மட்டும் கூடாது. ஆதாரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் சேரும் நாளில் கேட்கப்படும். தேதி மாறினால் தவறான தகவல் தந்ததாகச் சொல்லி வேலையையே ரத்து செய்ய இடமுண்டு. வயதை மறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பட்டம் பெற்ற ஆண்டு பயோடேட்டாவில் இருந்தால் யாரும் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆண்டை எழுதாமல் பட்டத்தை மட்டும் குறிப்பிடலாம்.

அரசுத் தேர்வுகள் வேறு. டி.என்.பி.எஸ்.சி. போன்றவற்றில் வயது வரம்பு அறிவிக்கையிலேயே இருக்கும். ஆள்மாறாட்டத்தைத் தடுக்கப் போட்டோவும் வேண்டும். அங்கே எதையும் விடாமல் நிரப்பியே ஆக வேண்டும். நடிப்பு, மாடலிங் போன்ற வேலைகளில் போட்டோ கேட்பதும் நியாயமே.

மரியாதையாக எழுதியும் நிறுவனம் பிடிவாதமாகக் கேட்டால், முடிவு விண்ணப்பித்தவர் கையில். வேலை அவசியம் என்றால் விவரத்தைத் தந்துவிடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கேட்ட மெயிலையும் அனுப்பிய பதிலையும் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. நிறுவனங்கள் செய்ய வேண்டியதும் சிறிய மாற்றம்தான்: இந்த மூன்று கட்டங்களையும் விண்ணப்பப் படிவத்திலிருந்து எடுத்து, வேலையில் சேரும் நாளுக்கான படிவத்தில் வைத்துவிட வேண்டும்.