புரோநோட்டில் கையெழுத்து விழுவதற்கு முன்

அண்ணன் மகன் லோடு ஆட்டோ வாங்க சித்தப்பா இரண்டரை லட்சம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் விற்கும் அச்சடித்த புரோநோட்டை வாங்கிவந்து மகனே நிரப்புகிறார். எண்ணில் ரூ.2,50,000 என்று சரியாக இருக்கிறது. எழுத்தில் மட்டும் ‘இரண்டு லட்சத்து ஐந்தாயிரம்’ என்று விழுந்துவிட்டது. கண் எண்ணின் மேலேயே போவதால் இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகைதான் செல்லும். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆக, காகிதப்படி கடன் 2,05,000தான். 45,000 ரூபாயைக் காணோம். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு ஒருவர் எழுத்தை மட்டும் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டதை வேறு தாளில் எண்ணாக எழுத வேண்டும். பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிழை தெரிந்தால் அடித்துத் திருத்தாதீர்கள். எழுதியவர் சம்மதம் இல்லாமல் தொகையையோ தேதியையோ வட்டியையோ திருத்தினால் நோட்டே செல்லாமல் போகலாம். சம்மதத்தோடுதான் திருத்தினோம் என்பதைப் பிற்பாடு யார் நிரூபிப்பது? ஒரு நோட்டின் விலை சில ரூபாய். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதே மேல்.

அச்சிட்ட படிவத்தில் ‘ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட’ என்று இருக்கும். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்த வாசகம் உண்மையில்லை. பொதுவாக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கக் கடனாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். உறவு என்பதால் விலக்கு கிடையாது.

அடுத்தது வட்டி. ‘வட்டி 1%’ என்று மட்டும் எழுதினால் மாதத்துக்கா, வருஷத்துக்கா? மாதத்துக்கு என்றால் வருஷத்தில் 30,000 ரூபாய். வருஷத்துக்கு என்றால் வெறும் 2,500. பேச்சில் ‘ஒரு ரூபாய் வட்டி’ என்றால் எல்லோருக்கும் புரியும். காகிதத்தில் ‘நூற்றுக்கு மாதம் ஒன்றுக்கு ரூபாய் ஒன்று வீதம்’ என்று முழுசாக வர வேண்டும்.

“நமக்குள்ள என்ன சித்தப்பா வட்டி?” என்று அந்த இடத்தைக் காலியாக விடுவதுதான் இன்னும் வில்லங்கம். வீதம் குறிப்பிடாத நோட்டுக்கு, பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஆண்டுக்கு 18 சதவீதம் என்கிறது அதே சட்டத்தின் 80-வது பிரிவு. இந்தக் கடனுக்கு அது வருஷம் 45,000 ரூபாய். வட்டி வேண்டாம் என்றால் ‘வட்டி இல்லை’ என்றே எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் சிக்கலானது திருப்பித் தரும் நாள். ‘தோட்டம் விற்றதும் தருகிறேன்’ என்பது நிபந்தனை; நிபந்தனை இருந்தால் அது புரோநோட்டே இல்லை. கல்யாணமாகி ஏழாம் நாள் தருகிறேன் என்று எழுதுவது செல்லாது என, சட்டமே ஓர் உதாரணம் தருகிறது! சரி, திட்டவட்டமாக ஒரு தேதி போடலாமா? போடலாம், ஆனால் அங்கே முத்திரைத் தீர்வை குறுக்கே வரும். நாம் ஒட்டும் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு, ‘தாங்கள் கேட்கும்போது’ தருவதாகச் சொல்லும் நோட்டுக்குத்தான் போதும். தேதி குறித்த நோட்டுக்குத் தீர்வைக் கணக்கு வேறு. குறைந்த முத்திரையோடு எழுதிய புரோநோட்டை, பிறகு அபராதம் கட்டிக்கூட நீதிமன்றத்தில் சான்றாக ஏற்றுக்கொள்ளவைக்க முடியாது. அதனால் தேதி அவசியம் என்றால் முதலில் ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

‘கேட்கும்போது’ நோட்டுக்கும் காலக்கெடு உண்டு. கேட்ட நாளிலிருந்து மூன்று வருஷம் என்று பலர் நினைக்கிறார்கள். நோட்டு எழுதிய தேதியிலிருந்தே கணக்கு ஓடுகிறது. 10-6-2024 தேதியிட்ட நோட்டுக்கு 10-6-2027 வரைதான். அதற்குள் மகன் ஏதேனும் தொகை கொடுத்து, பின்பக்கத்தில் தேதியோடு வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷம் புதிதாகத் தொடங்கும். சித்தப்பா தன் டைரியில் குறித்துவைத்தால் பயனில்லை. நோட்டின் மேலேயும் ஒரு தேதி, ஸ்டாம்பின் குறுக்கே போட்ட கையெழுத்தின் கீழே வேறொரு தேதி என்று இருந்தாலும் தகராறுதான்.

சாட்சி இல்லாமலும் புரோநோட்டு செல்லும். ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று மகன் சொல்லும் நாளில்தான் சாட்சி வேண்டும். அன்று அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வெறும் ‘முருகன்’ என்ற கிறுக்கல் உதவாது. தகப்பனார் பெயர், கதவு எண், தெரு, ஊர் எல்லாம் படிக்கும்படி இருக்கட்டும். எழுதிக்கொடுத்தவர் கையெழுத்துப் போட்டதை நேரில் பார்த்தவர்தான் சாட்சியாக வேண்டும். சாயங்காலம் அவர் வீட்டுக்கு நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது கூண்டில் ஏறினால் நிற்காது.

வெள்ளைத் தாளில் தாங்களே எழுதுபவர்கள் சாட்சியைச் சேர்க்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ‘தங்களுக்கோ தங்கள் ஆர்டர் பெற்றவருக்கோ’ என்ற சொற்கள் அச்சுப் படிவத்தில் தானாகவே இருக்கும். கையால் எழுதும்போது விட்டுப்போகும். அவை இல்லாமல் சாட்சிக் கையெழுத்து மட்டும் இருந்தால், முத்திரைச் சட்டத்தின் பார்வையில் அந்தத் தாள் புரோநோட்டாக இல்லாமல் பாண்டு பத்திரமாகிவிடக்கூடும். அதற்கு ஒரு ரூபாய் ஸ்டாம்பு போதாது.